மணி அடித்தால் யார் முதலில் இறங்க வேண்டும்?

1995 ஜனவரி 6, விடியற்காலை. டொரன்டோவின் நார்த் யார்க் பகுதியில் 30 மாடிக் குடியிருப்பு ஒன்றின் ஐந்தாம் மாடியில் ஒரு வீட்டில் தீப்பிடித்தது. அந்த வீட்டுக் கதவு திறந்தே கிடந்ததால் புகை நடைவழிக்கு வந்து, அங்கிருந்து மாடிப்படிகளுக்குள் புகுந்தது. மணி அடித்தது. தூக்கத்திலிருந்து எழுந்தவர்கள் எல்லோரும் செய்வதைத்தான் செய்தார்கள். உடை மாற்றினார்கள், பிள்ளைகளை எழுப்பினார்கள், படியில் இறங்கத் தொடங்கினார்கள். அன்று 6 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர்கூடத் தீப்பிடித்த வீட்டில் இறக்கவில்லை. எல்லோரும் மேல் மாடிகளை ஒட்டிய படிக்கட்டில், புகைக்குள் கிடந்தார்கள். தங்கள் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்திருந்தால் பிழைத்திருப்பார்கள்.

22 ஆண்டுகள் கழித்து, 2017 ஜூன் 14 அன்று, லண்டனில் கிரென்ஃபெல் டவர் எரிந்தது. 24 மாடி, ஒரே ஒரு மாடிப்படி. நான்காம் மாடியில் ஒரு ஃப்ரிட்ஜில் தொடங்கிய தீ ஜன்னல் வழியாக வெளிச்சுவரின் அலங்காரப் பலகைகளைப் பிடித்து, அரை மணி நேரத்துக்குள் உச்சி வரை ஏறிவிட்டது. அங்கே குடியிருந்தவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்த அறிவுரை, ‘உங்கள் வீட்டில் தீ இல்லையென்றால் உள்ளேயே இருங்கள்’ என்பது. அவசர எண்ணுக்கு அழைத்தவர்களுக்கும் வெகு நேரம் அதையே சொன்னார்கள். 72 பேர் இறந்தார்கள்.

ஒரு கட்டடத்தில் இறங்கியவர்கள் இறந்தார்கள், இன்னொன்றில் இருந்தவர்கள் இறந்தார்கள். அடுக்குமாடியில் எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியேற வேண்டுமா, கட்டம் கட்டமாக வெளியேற வேண்டுமா என்று பேசத் தொடங்கினால் இந்த இரண்டு இரவுகளையும் சேர்த்தே வைத்துப் பேச வேண்டும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் தவறான பாடம்தான் கிடைக்கும்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். மணி அடித்ததும் கட்டடத்தில் உள்ள அனைவரும் கீழே இறங்குவது முழு வெளியேற்றம். தீ உள்ள மாடியும் அதை ஒட்டிய மாடிகளும் முதலில் இறங்க, மற்றவர்கள் தயாராகக் காத்திருந்து அடுத்த அறிவிப்பு வந்தால் இறங்குவது கட்ட வெளியேற்றம். தீ உள்ள வீட்டுக்காரர்கள் மட்டும் வெளியேறி, மற்ற எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பது கட்ட வெளியேற்றத்தின் கடைசி எல்லை. கிரென்ஃபெல்லில் நடைமுறையில் இருந்தது அதுதான்.

கட்ட வெளியேற்றம் ஏன் வந்தது என்று கேட்டால், படியின் அகலம் போதாது, எல்லோரும் வந்தால் நெரிசல் என்றுதான் பலரும் சொல்வார்கள். அலுவலகக் கட்டடங்களுக்கு அது சரி. ஒரு மாடியில் 100, 150 பேர் விழித்த நிலையில் உட்கார்ந்திருப்பார்கள். மணி அடித்த இரண்டு நிமிடத்தில் அத்தனை பேரும் படிக்கு வந்துவிடுவார்கள். குடியிருப்பின் கணக்கு வேறு. போட்டுப் பார்த்தால் தெரியும்.

20 மாடி உள்ள ஒரு பிளாக்கை எடுத்துக்கொள்வோம். மாடிக்கு 6 வீடு, வீட்டுக்கு 4 பேர் என்றால் 480 பேர். இரண்டு மாடிப்படி, ஒவ்வொன்றும் 1.2 மீட்டர் அகலம். இறங்குகிறவர்கள் சுவரையும் கைப்பிடியையும் உரசிக்கொண்டு நடப்பதில்லை. இரு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டுத்தான் நடப்பார்கள். அதைக் கழித்தால் பயன்படும் அகலம் சுமார் 0.9 மீட்டர். நெரிசலான நேரத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு வினாடிக்கு ஏறக்குறைய ஒருவர் கடப்பார். அப்படியானால் ஒரு படியில் நிமிடத்துக்கு 50 பேருக்குச் சற்று மேல். பாதிப் பாதியாகப் பிரிந்து 240 பேர் ஒரு படியில் வந்தால் ஐந்து நிமிடத்துக்குள் எல்லோரும் கடந்துவிடலாம். இருபதாம் மாடியிலிருந்து நல்ல உடல்நிலையில் உள்ள ஒருவர் கீழே வர எப்படியும் நான்கு முதல் ஆறு நிமிடம் ஆகும். ஆக, குடியிருப்பில் படியின் அகலம் பெரிய தடை இல்லை.

அப்படியானால் எது தடை? மூன்றைச் சொல்வேன். மக்கள் புறப்படும் நேரம், கதவுகள், இறங்குகிறவர்களின் வரிசை.

புறப்படும் நேரத்தை எடுத்துக்கொள்வோம். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் கிலென் ப்ரூ என்ற ஆய்வாளர் 1990களில் குடியிருப்புகளில் ஒத்திகை நடத்தி, மணி அடித்ததிலிருந்து மக்கள் வீட்டை விட்டுக் கிளம்பும் வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார். மணி வீட்டுக்குள் நன்றாகக் கேட்ட கட்டடங்களில் சராசரியாக மூன்று நிமிடம். சரியாகக் கேட்காத கட்டடங்களில் எட்டு, ஒன்பது நிமிடம். இவை சராசரிதான், கடைசி வீடு இன்னும் தாமதமாகக் கிளம்பும். படியில் செலவாகும் நேரத்தைவிட வீட்டுக்குள் செலவாகும் நேரம் அதிகம் என்பது எனக்கு இந்த விஷயத்தில் மிக முக்கியமாகப் படுகிறது. முழு வெளியேற்றம் என்று அறிவித்தாலும் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கப்போவதில்லை. முதல் வீடு ஒரு நிமிடத்தில் படிக்கு வரும், கடைசி வீடு கால் மணி நேரம் கழித்து வரும். முதல் வீட்டுக்காரர் பார்த்த படியும் கடைசி வீட்டுக்காரர் பார்க்கும் படியும் ஒன்றல்ல. இடையில் புகை வந்துவிட்டது. நார்த் யார்க்கில் நடந்தது இதுதான். சீக்கிரம் கிளம்பியவர்கள் சுத்தமான காற்றில் இறங்கினார்கள், தாமதமாகக் கிளம்பியவர்கள் புகைக்குள் இறங்கினார்கள். அது ஜனவரி மாதம் என்பதும் சேர்ந்துகொண்டது. வெளியே உறைகுளிரும் உள்ளே ஹீட்டர் சூடும் இருக்கும்போது 30 மாடி உயரமுள்ள படிக்கூடு புகைபோக்கியைப் போலக் காற்றை மேலே இழுக்கும். ஐந்தாம் மாடிப் புகை அதனால்தான் உச்சி மாடிகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

அடுத்தது கதவு. அடுக்குமாடி வீட்டை ஒரு பெட்டி என்று நினைத்துக்கொள்ளுங்கள். கான்கிரீட் தளம், செங்கல் சுவர், சாத்திய கதவு. இந்தப் பெட்டி உடையாத வரை தீ ஒரு வீட்டோடு நிற்கும். மற்றவர்கள் காத்திருக்கலாம் என்ற யோசனை முழுவதும் இந்தப் பெட்டியின் மேல்தான் நிற்கிறது. 2022 ஜனவரி 9 அன்று நியூயார்க்கின் ப்ராங்ஸ் பகுதியில் 19 மாடிக் குடியிருப்பு ஒன்றில், ஒரு ஹீட்டரால் கீழ்மாடி வீடொன்றில் தீப்பிடித்தது. தீ பெரும்பாலும் அந்த வீட்டையும் அதன் வாசலையும் தாண்டவில்லை. ஆனால் தானாக மூட வேண்டிய வீட்டுக் கதவு மூடவில்லை. மேலே படிக்கட்டுக் கதவு ஒன்றும் திறந்து நின்றது. புகை கட்டடம் முழுவதும் பரவி 17 பேர் இறந்தார்கள். அங்கே காரணமில்லாமல் மணி அடிப்பது வழக்கமாக இருந்ததால் பலர் முதலில் அதைப் பொருட்படுத்தவே இல்லை.

எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கும்போது கதவுகளுக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். புதிய உயரக் கட்டடங்களில் படிக்கூட்டுக்குள் மின்விசிறியால் காற்றை அழுத்தி வைப்பார்கள். சுமார் 50 பாஸ்கல் அழுத்தம் இருக்கும். அதனால் நடைவழியிலிருந்து புகை உள்ளே வராது, உள்ளிருந்து காற்றுதான் வெளியே தள்ளும். ஆனால் அந்த விசிறி ஒரே நேரத்தில் ஒன்றிரண்டு மாடிக் கதவுகள் மட்டும் திறந்திருக்கும் என்ற கணக்கில் வைக்கப்பட்டது. 20 மாடிக் கதவுகளும் மாறி மாறித் திறந்தால் அழுத்தம் ஒன்றுமில்லாமல் போகும், தீ உள்ள மாடியின் புகை படிக்குள் வந்துவிடும். கதவு சாத்தாமல் இருக்கச் செங்கல்லோ பூந்தொட்டியோ வைத்திருக்கும் பிளாக்குகளில் அந்த விசிறி முதலிலிருந்தே பயனற்றது.

மூன்றாவது, வரிசை. இதைத்தான் நாம் அதிகம் யோசிப்பதில்லை. முழு வெளியேற்றத்தில் யார் முதலில் வெளியே வருகிறார்கள்? வாசலுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள். முதல் மாடி, இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி. தீ ஏழாம் மாடியில் என்றால் இவர்களுக்குத்தான் ஆபத்து மிகக் குறைவு. புகை மேலே போகும். இவர்கள் கீழே இருக்கிறார்கள். ஆபத்து மிக அதிகமாக இருக்கும் எட்டாம், ஒன்பதாம் மாடிக்காரர்கள் இவர்களுக்குப் பின்னால் வருகிறார்கள். எதிர்த்திசையில் தீயணைப்பு வீரர்கள் குழாயைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறார்கள். யாருமே திட்டமிடாவிட்டால் தானாக அமையும் வரிசை, தேவைக்கு நேர் எதிரான வரிசை. கட்ட வெளியேற்றம் என்பது இந்த வரிசையைத் திருப்பிப் போடும் முயற்சி.

சரி, திருப்பிப் போட்டால் எப்படி இருக்கும்? அதே 20 மாடி பிளாக்கில், இரவு 2 மணிக்கு, ஏழாம் மாடிச் சமையலறையில் தீ என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் அந்த வீட்டுக்காரர்கள். அவர்கள் செய்யும் ஒரே ஒரு வேலை மற்ற 476 பேருக்கும் நேரம் வாங்கித் தரும். வெளியே வந்ததும் கதவை இழுத்துச் சாத்துவதுதான் அது. நகை, பத்திரம் என்று ஒருவர் திரும்ப உள்ளே போனால் கதவு திறந்தே நிற்கும். அதே மாடியின் மற்ற ஐந்து வீடுகளும் உடனே இறங்க வேண்டும்; நடைவழியில் புகை சேர்வது அவர்கள் வாசலில்தான்.

அடுத்தது நேர் மேலே உள்ள எட்டாம் மாடி, கூடவே ஒன்பது. ஜன்னல் வழியாக வெளியே நாக்கு நீட்டும் தீ மேல்வீட்டு ஜன்னலை எட்டும். குழாய்களும் கம்பிகளும் போகும் டக்ட் வழியாகப் புகை முதலில் எட்டுவதும் அங்கேதான். நேர் கீழே உள்ள ஆறாம் மாடியையும் காலி செய்வது நல்லது. அங்கே தீயின் ஆபத்து குறைவு. ஆனால் தீயணைப்பு வீரர்கள் பெரும்பாலும் ஒரு மாடி கீழே நின்றுதான் குழாயை இணைத்து மேலே ஏறுவார்கள், அவர்களுக்கு அந்த இடம் தேவை. ஆக நான்கு மாடி, 96 பேர். இரண்டு படிகளில் பிரிந்து வந்தால் கூட்டமே தெரியாது.

மற்ற 384 பேர் காத்திருக்கிறார்கள். காத்திருப்பது என்றால் தூங்குவதில்லை. உடை மாற்றி, செருப்பு போட்டு, சாவியையும் ஃபோனையும் கையில் எடுத்து, கதவைச் சாத்தி, கதவடி இடுக்கில் ஈரத்துண்டு வைத்து, பால்கனிப் பக்கம் நின்று ஒலிபெருக்கியைக் கேட்பது. அடுத்த அழைப்பு யாருக்கு? பத்தாம் மாடியிலிருந்து மேல்நோக்கித்தான். உச்சி மாடியையும் மறக்கக் கூடாது. படிக்கூட்டின் உச்சியில் புகை வெளியேற வழியில்லாவிட்டால், பதினைந்தாம் மாடியில் ஒன்றும் தெரியாதபோதே இருபதாம் மாடியில் புகை தேங்கும். ஒன்று முதல் ஐந்து வரை உள்ளவர்கள் கடைசி.

இந்த 96 பேர் கடந்த பிறகு ஒரு முக்கியமான விஷயம் நடக்கும். வீரர்கள் ஒரு படிக்கட்டைத் தங்களுக்கு எடுத்துக்கொள்வார்கள். ஏழாம் மாடிக் கதவைத் திறந்து குழாயை உள்ளே கொண்டுபோகும்போது அந்தக் கதவு சாத்தாது. குழாய் நடுவே கிடக்கும். அந்த நொடியிலிருந்து அந்தப் படியின் மேல்பகுதி புகைபோக்கி ஆகிவிடும். 2003 அக்டோபர் 17 அன்று சிகாகோவில் குக் கவுண்டியின் நிர்வாகக் கட்டடத்தில் பன்னிரண்டாம் மாடி எரிந்தபோது இதுதான் நடந்தது. முழுக் கட்டடத்தையும் காலி செய்யச் சொன்னார்கள். மக்கள் இறங்கிவந்த படியிலேயே தீயணைப்பும் நடந்தது. புகையைக் கண்டு திரும்பியவர்களால் எந்த மாடிக்குள்ளும் போக முடியவில்லை, ஏனென்றால் படிக்கதவுகள் உள்பக்கம் பூட்டிக்கொள்ளும் வகை. 6 பேர் இறந்தார்கள். ஆகவே எந்தப் படி வீரர்களுக்கு, எந்தப் படி மக்களுக்கு என்று யாராவது மேலே இருப்பவர்களிடம் சொல்ல வேண்டும். சொல்ல வழி இருக்க வேண்டும்.

கட்ட வெளியேற்றத்தின் பலவீனமும் இந்தச் சொல்லும் வழியில்தான் இருக்கிறது. அதற்குத் தேவையான சாதனம் மாடி வாரியாகப் பேசக்கூடிய ஒலிபெருக்கி, அல்லது இரண்டு நிலை மணி. தீ உள்ள இடத்தில் ‘வெளியேறு’ என்று ஒரு சத்தமும் மற்ற மாடிகளில் ‘தயாராக இரு’ என்று வேறொரு சத்தமும் வரும். நம் ஊர்ப் பிளாக்குகள் பலவற்றில் ஒரே ஹூட்டர்தான். எங்கே புகை வந்தாலும் எல்லா இடத்திலும் ஒரே கூச்சல். பேனல் செக்யூரிட்டி அறையில் இருக்கும், அதில் எந்த மாடி என்று விளக்கு எரியும், ஆனால் அதைப் பார்த்து மேலே சொல்ல வழியில்லை. சென்னையிலோ கோவையிலோ உங்கள் பிளாக்கில் இப்படித்தான் இருக்கிறது என்றால், உங்கள் சங்கத்தின் காகிதத்தில் என்ன எழுதியிருந்தாலும் அங்கே கட்ட வெளியேற்றம் கிடையாது. அங்கே மணி அடித்தால் அந்த பிளாக் முழுவதும் உடனே, தாமதிக்காமல் இறங்குவது என்று வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு என்பது என் கருத்து. ‘உடனே’ என்பதற்குத்தான் அழுத்தம். முதல் மூன்று நிமிடத்தில் கிளம்ப முடிந்தால் இறங்குங்கள். கதவைத் திறந்ததும் நடைவழியில் புகை தெரிந்தாலோ, படியில் இறங்கும்போது புகைக்குள் நுழைய வேண்டிவந்தாலோ, முன்னே போகாதீர்கள். இன்னொரு படி, அதுவும் இல்லையென்றால் திரும்பி வீட்டுக்கு, அல்லது பக்கத்தில் கதவு திறக்கும் ஏதாவது ஒரு வீட்டுக்கு. நார்த் யார்க்கிலும் பாதியில் திரும்பி வீடுகளுக்குள் ஒதுங்கியவர்கள் பிழைத்தார்கள்.

பல டவர்கள் உள்ள பெரிய வளாகங்களில் கட்டம் என்பதை மாடியோடு நிறுத்தாமல் டவர் அளவிலும் யோசிக்க வேண்டும். ஏ டவரில் தீ என்றால் பி, சி டவர்களில் ஹூட்டர் அலறத் தேவையில்லை. 2,000 பேர் கீழே வந்து தீயணைப்பு வண்டி நுழையும் வழியில் நிற்பதால் யாருக்கும் நன்மை இல்லை. ஒரே விதிவிலக்கு, எல்லா டவருக்கும் பொதுவான அடித்தள கார் நிறுத்தம். அங்கே ஒரு வண்டி எரிந்தால் புகை எல்லா டவர்களின் லிஃப்ட் முகப்புக்கும் படிக்கும் ஏறும். அப்போது அடித்தளம் வரை இறங்கும் படியில் போகிறவர்கள் தரைத்தளத்திலேயே வெளியே வந்துவிட வேண்டும். இருட்டில் ஒரு தளம் அதிகமாக இறங்கிவிட்டால் நேரே புகைக்குள் போவார்கள். தரைத்தளத்தில் அந்தப் படிக்கு ஒரு தடுப்புக் கதவும் பெரிய எழுத்தில் ‘வெளியே’ என்ற பலகையும் இருக்கிறதா என்று ஒருமுறை இறங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மின்சார ஷாஃப்ட் தீயும் வரிசையை மாற்றும். நம் அடுக்குமாடிகளில் மீட்டர்களும் கேபிள்களும் போகும் ஷாஃப்ட் பெரும்பாலும் படிக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஒவ்வொரு தளத்திலும் அதை அடைத்திருக்க வேண்டும். புதிதாக ஒரு இணையக் கேபிள் இழுக்க வந்தவர் ஓட்டை போட்டுவிட்டு அப்படியே விட்டிருப்பார். அங்கே கீழே தீப்பிடித்தால் புகை எல்லா மாடிகளுக்கும் ஒரே நேரத்தில் போகும். அந்த நேரத்தில் ‘தீ உள்ள மாடி’ என்று ஒன்று இல்லவே இல்லை. பேனலில் ஒரே சமயத்தில் பல மாடிகளின் விளக்கு எரிந்தால், அது பெட்டி உடைந்துவிட்டது என்பதற்கு அடையாளம்.

இந்த அடையாளங்களைப் படிக்கத் தவறியதுதான் கிரென்ஃபெல். முதல் அழைப்பு இரவு 12:54-க்கு வந்தது. ஒன்றரை மணிக்குள் தீ உச்சிக்குப் போய்விட்டது, பல மாடிகளிலிருந்து புகை வருகிறது என்று அழைப்புகள் வந்துகொண்டிருந்தன. உள்ளே இருக்கச் சொன்ன அறிவுரையைக் கைவிட்டது 2:47-க்கு. 1:30-க்கும் 1:50-க்கும் இடையில் முழு வெளியேற்றத்துக்கு மாறியிருக்க முடியும், மாறியிருந்தால் இறப்பு குறைந்திருக்கும் என்று மார்ட்டின் மூர்-பிக் தலைமையிலான விசாரணை 2019-ல் வெளியிட்ட முதல் அறிக்கையில் சொன்னது. முடிவு எடுப்பதில் மட்டும் சிக்கல் இல்லை. எடுத்திருந்தாலும் எல்லோருக்கும் தெரிவிக்க அந்தக் கட்டடத்தில் பொது மணி இல்லை. இப்போது பிரிட்டனில் புதிய உயரக் குடியிருப்புகளில் தீயணைப்பு வீரர்கள் மட்டும் இயக்கக்கூடிய தனி மணி அமைப்பு வைக்கிறார்கள். தரைத்தளத்தில் பூட்டிய பெட்டிக்குள் மாடிக்கு ஒரு விசை இருக்கும். எட்டாம் மாடி விசையைத் திருப்பினால் எட்டாம் மாடி வீடுகளில் மட்டும் ஒலிக்கும். வரிசையை அவர்கள் கையில் கொடுக்கும் கருவி அது.

முழு வெளியேற்றத்துக்கு மாற வேண்டிய அடையாளங்களை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். வெளிச்சுவரில் தீ ஒரு மாடியிலிருந்து அடுத்த மாடிக்கு ஏறுவது கண்ணுக்குத் தெரிகிறது. தீ உள்ள மாடிக்குச் சம்பந்தமில்லாத, நான்கைந்து மாடி தள்ளி இருப்பவர் புகை என்கிறார். இரண்டு படிகளில் ஒன்று போய்விட்டது, மற்றது இன்னும் தெளிவாக இருக்கிறது. கடைசியாகச் சொன்னது நடந்த பிறகு காத்திருப்பது மிக ஆபத்தானது. மிச்சமிருக்கும் படியும் போனால் காத்திருப்பவர்களுக்கு வழியே இல்லை.

சில நேரம் தீ வருவதற்கு முன்பே பெட்டி உடைந்திருக்கும். 2025 நவம்பர் 26 அன்று ஹாங்காங்கின் வாங் ஃபுக் கோர்ட் குடியிருப்பில் எட்டு பிளாக்குகளில் ஏழு எரிந்தன. 150க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பராமரிப்பு வேலைக்காகக் கட்டடங்களைச் சுற்றி மூங்கில் சாரமும் வலையும் கட்டி, ஜன்னல்களில் நுரைப்பலகை ஒட்டியிருந்தார்கள். மணி ஒலிக்கவில்லை என்று குடியிருந்தவர்கள் பலர் சொன்னார்கள். வெளியே சுற்றிலும் எரியும் பொருளைக் கட்டிய கட்டடத்தில் ‘வீட்டில் காத்திருங்கள்’ என்பதற்கு அர்த்தமே இல்லை. ஆகவே பெயின்ட் அடிக்கச் சாரம் ஏறும் நாளிலேயே சங்கம் தன் திட்டத்தை மாற்றி, வேலை முடியும் வரை மணி அடித்தால் அந்த பிளாக் முழுவதும் இறங்க வேண்டும் என்று அறிவிக்க வேண்டும். கிரென்ஃபெல்லுக்குப் பிறகு ஆபத்தான வெளிச்சுவர் உள்ள கட்டடங்களில் பிரிட்டன் இதைத்தான் செய்தது. சுவரை மாற்றும் வரை முழு வெளியேற்றம், அதற்கு இரவு முழுவதும் மாடி மாடியாக நடந்து கண்காணிக்கும் ஆட்கள்.

இன்னும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் கனமானது. நடக்க முடியாதவர்கள் எப்போது இறங்குவது? பதினாறாம் மாடியில் சக்கர நாற்காலியில் இருக்கும் பாட்டி, முழங்கால் அறுவை முடிந்து பத்து நாள் ஆன அண்ணன், எட்டு மாதக் கர்ப்பிணி. வழக்கமாகச் சொல்வது, ‘மற்றவர்கள் போகட்டும், கூட்டம் குறைந்ததும் தூக்கிக்கொண்டு போகலாம்’ என்பது. முழு வெளியேற்றத்தில் வேறு வழியும் தெரியாது, ஏனென்றால் படி நிறைய ஆட்கள். அதன் பொருள், மிக மெதுவாகப் போகிறவர்களை மிகக் கடைசியில் கிளப்புவது. கிரென்ஃபெல்லில் வசித்த 37 மாற்றுத்திறனாளிகளில் 15 பேர் இறந்தார்கள்.

கட்ட வெளியேற்றத்துக்கு ஆதரவாக நான் சொல்லும் மிக வலுவான காரணம் இதுதான்: அது படியைக் காலியாக வைக்கிறது. படி காலியாக இருந்தால் பாட்டியை நான்கு பேர் நாற்காலியோடு தூக்கி, ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சுவாங்கி இறங்க முடியும். ஆகவே இவர்கள் தங்கள் மாடியின் முறை வரும் வரை காத்திருக்கக் கூடாது. முதல் 96 பேர் கடந்தவுடன், தீ எந்த மாடியில் இருந்தாலும், மக்களுக்கென்று விட்ட படியில் அடுத்து இறங்க வேண்டியவர்கள் இவர்கள்தான். முழுவதும் கீழே வர முடியாவிட்டாலும் தீ உள்ள மாடியைத் தாண்டி இரண்டு மாடி கீழே வந்துவிட்டால் போதும், அங்கே ஒரு வீட்டில் உட்காரலாம். தீக்கு மேலே சிக்கிக்கொண்டால் தன் வீட்டிலேயே, தெருப்பக்க ஜன்னல் உள்ள அறையில், கதவைச் சாத்தி இருந்து, எந்த வீடு, எந்த அறை என்று 101-க்கோ 112-க்கோ சொல்ல வேண்டும். மொட்டை மாடிக்குப் போகலாம் என்று யாராவது சொல்வார்கள். அந்தக் கதவு இரவில் பூட்டியிருக்கும், புகையும் அங்கேதான் சேரும்.

வீரர்கள் இயக்கும் தீயணைப்பு லிஃப்ட் இருந்தால் இவர்களை அதில் இறக்கலாம். ஆனால் அந்த லிஃப்டைத் தரைத்தளத்துக்கு வரவைத்து வீரர்கள் கட்டுப்பாட்டுக்கு மாற்றும் விசை வேலை செய்ய வேண்டும். கிரென்ஃபெல்லில் அது வேலை செய்யவில்லை. மாதம் ஒருமுறை லிஃப்ட் பராமரிப்புக்கு வருபவரிடம் அந்த விசையைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை.

இங்கிலாந்தில் 2026 ஏப்ரல் முதல், தனியாக இறங்க முடியாதவர்களைக் கேட்டறிந்து அவர்களோடு சேர்ந்து வெளியேறும் திட்டம் எழுதுவது உயரக் குடியிருப்புகளைப் பொறுப்பில் வைத்திருப்பவர்களின் சட்டக் கடமை. நம் பிளாக்குக்கு அவ்வளவு பெரிய சட்டம் தேவையில்லை. ஒரு தாள் போதும். எந்த வீட்டில் யார், தூக்க எத்தனை பேர் வேண்டும், எந்தப் பக்கத்து வீட்டு இருவர் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சங்கச் செயலாளரின் கம்ப்யூட்டரில் அது இருந்து பயனில்லை. இரவு 2 மணிக்குப் பேனலுக்கு முன்னால் நிற்பவர் செக்யூரிட்டி அண்ணன். தாள் அந்தப் பேனலின் கதவுக்குள் ஒட்டியிருக்க வேண்டும், அவர் படிக்கும் மொழியில்.